கல்யாணச் செலவில் ஐந்து லட்சம் துண்டு விழுந்தால்: பி.எஃப்., பர்சனல் லோன், நகைக்கடன், எது தேவலாம்?

மதுரையில் சம்பளக்காரக் குடும்பம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வயது 53. மகள் கல்யாணத்துக்குப் போட்ட கணக்கு 12 லட்சம், கையில் இருப்பது 7 லட்சம். மீதி ஐந்தை எங்கே புரட்டுவது?

முதலில் தள்ளிவிட வேண்டியது தெரிந்தவரிடம் வாங்கும் மூணு வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்பதால் சின்னதாகத் தெரியும், ஆனால் வருடத்துக்கு அது 36 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு மாதம் 15,000 ரூபாய் வட்டியாகப் போகும், அசல் அப்படியே நிற்கும். மறுவீடு, சீமந்தம், வளைகாப்பு என்று அடுத்தடுத்து செலவு வரும் வீட்டில் அந்த அசலை அடைக்க நாள் வராது.

அப்புறம் பலரும் குழம்பும் இடம், பர்சனல் லோனா, பி.எஃப். பணமா என்பது. ஐந்து லட்சத்தை 14 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 11,630 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 6.98 லட்சம், அதாவது வட்டி மட்டும் இரண்டு லட்சம். பி.எஃப்.பில் எடுத்தால் வட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்து லட்சம் 8.25 சதவீதத்தில் அங்கேயே இருந்திருந்தால், 58 வயதில் 7.43 லட்சமாகியிருக்கும். இப்படிப் பார்த்தால் இழப்பு 2.43 லட்சம். லோனே மேல் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும்.

இந்த ஒப்பீடு நியாயமானதல்ல. லோன் வாங்கினால் மாதாமாதம் 11,630 கட்டுகிறோம், பி.எஃப். எடுத்தால் எதுவும் கட்டுவதில்லை. அதே தொகையை வி.பி.எஃப்.பில், அதாவது சம்பளத்தில் நம் விருப்பப்படி கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் கணக்கில், ஐந்து வருடம் போட்டால் வட்டியோடு எட்டரை லட்சம் சேரும். எடுத்ததை நிரப்பியதுபோக ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். ஆக, தவணை கட்டுவதுபோலத் திருப்பிப் போட்டால் பி.எஃப்.தான் லாபம். போடாமல் விட்டால் ஓய்வுக்காலப் பணத்தில் விழுந்த ஓட்டை அப்படியே நிற்கும். ‘போனஸ் வந்ததும் போட்டுக்கலாம்’ என்பதை நான் நம்ப மாட்டேன். பணம் கைக்கு வருவதற்கு முன்பே சம்பளத்தில் பிடித்துக்கொள்ள எழுதிக்கொடுத்துவிட வேண்டும். பல அலுவலகங்களில் நிதியாண்டுத் தொடக்கத்தில்தான் இதை மாற்ற விடுவார்கள், முன்கூட்டியே கேட்டு வைக்கவும்.

நகைக்கடன் வேறு ரகம். வங்கியில் 9, 10 சதவீத வட்டிக்குக் கிடைக்கும்போது பர்சனல் லோனைவிட மலிவு. தனியார் நிதி நிறுவனங்களில் வட்டி இதைவிட வெகுவாகக் கூடலாம், தேதி தவறினால் இன்னும் ஏறும். மதிப்பிடும்போது தங்கத்துக்கு மட்டும்தான் விலை. கல் எடை, செய்கூலி, சேதாரம் எல்லாம் கழிந்துவிடும். வருட முடிவில் மொத்தமாகத் திருப்பும் வகையில் வாங்கிவிட்டு, வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போவதுதான் நகை ஏலத்துக்குப் போகிற பாதை. அதனால் சில மாதத்தில் அடைக்க முடிகிற தொகைக்கே நகைக்கடன்.

அந்தச் சில மாதக் கடனை அடைக்க நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது, மொய். ஆனால் மொய்யும் கடன்தான், செய்தவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். நாம் இதுவரை பிறருக்குச் செய்ததை மொய் நோட்டில் பார்த்துக் கூட்டி, அதில் பாதிதான் திரும்பும் என்று வைத்துக்கொள்வது என் பழக்கம்.

இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். வரவேற்பில் 400 ரூபாய் சாப்பாட்டில் 250 இலை குறைத்தால் ஒரு லட்சம் குறையும். பத்திரிகை அச்சடிக்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும், அழைத்தபின் குறைக்க முடியாது. மொய்க் கணக்கு இடம்கொடுத்தால் அம்மாவின் பழைய நகையில் இரண்டு லட்சம் கடன். பெண்ணுக்குப் போடும் நகையைத் தொடக்கூடாது. மொய் வந்ததும் இரண்டு மாதத்தில் அடைத்தால் வட்டி மூவாயிரத்துச் சொச்சம்தான். மீதி இரண்டு லட்சம் பி.எஃப்.பில். மாதம் சுமார் 7,400 கூடுதலாகப் பிடித்தால், இரண்டரை வருடத்தில் எடுக்காமலே இருந்த நிலைக்குக் கணக்கு வந்துவிடும்.

திருமணத்துக்காக எடுக்க, ஏழு வருடம் உறுப்பினராக இருக்க வேண்டும், தன் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதிதான் கிடைக்கும் என்பது பழைய விதி. 2025 அக்டோபரில் இதைத் தளர்த்த முடிவெடுத்தார்கள், எனவே விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் உள்ளது என்று பார்த்துக்கொள்ளவும். அதைவிட அடிக்கடி தடங்கலாவது பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் பின்னால் என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே அதைத் திருத்தக் கொடுத்துவிடுங்கள்.