இடரை ஏற்கும் மனமும் இடரைத் தாங்கும் வசதியும்

2020 ஜனவரி நடுவில் 12,300 புள்ளிகளைத் தாண்டியிருந்த பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி, மார்ச் 23 அன்று ஏறத்தாழ 7,600 புள்ளிகளுக்கு இறங்கியது. உச்சத்தில் நிஃப்டி குறியீட்டு ஃபண்டில் தலா 10 லட்சம் ரூபாய் போட்ட இருவரை எண்ணிப் பார்ப்போம். அன்று இருவரிடமும் சுமார் 6.2 லட்சமே இருந்திருக்கும்.

முதலாமவர் துணிக்கடைக்காரர். சரிவைக் கண்டு அஞ்சாதவர். ஆனால் கடை மூடிக் கிடக்க, மொத்த வியாபாரிக்கு உடனே 6 லட்சம் தர வேண்டியிருந்ததால் யூனிட்டுகளை விற்றார். மிஞ்சிய 20 ஆயிரம், அதே நவம்பரில் சந்தை பழைய உச்சத்தை எட்டியபோதும் 32 ஆயிரத்தைச் சுற்றியே நின்றது.

மற்றவர் ஓய்வுபெற இன்னும் 20 ஆண்டுகள் உள்ள அரசு ஊழியர். மாதச் சம்பளம் தடையின்றி வந்தது, கடனும் இல்லை. எனினும் தூக்கம் கெட்டு, அனைத்தையும் விற்று வங்கி வைப்பில் போட்டார்.

இருவரின் நட்டமும் மீளாததுதான். ஆனால் ஊழியருக்கு விற்காமலிருக்கும் வழி இருந்தது. முதலில் 3 லட்சத்தை மட்டும் பங்குகளில் வைத்திருந்தால் அவர் மனமும் தாங்கியிருக்கும். கடைக்காரருக்கு, எவ்வளவு துணிவிருந்தும், கடன் தவணை காத்திருக்காது. ஆகவே இடரை ஏற்கும் மனம், அதைத் தாங்கும் வசதி இரண்டில் குறைந்ததையே முதலீட்டின் எல்லையாகக் கொள்ள வேண்டும். முதலீட்டாளரிடம் துணிவைப் பற்றி மட்டும் கேட்கும் வினாப்பட்டியல் கடைக்காரரைத் தவறாக எடைபோடும். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பணம் எந்தத் தேதியில் தேவைப்படும் என்பதே.