ஜாதகக் கட்டத்தை டைப் அடிக்கக் கொடுக்கிறீர்களா? பணம் கொடுக்கும் முன் ராகு கேதுவைப் பாருங்கள்

எங்கள் தாத்தா ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். வீட்டில் யார் பிறந்தாலும் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்து, "ஜனனீ ஜன்ம சௌக்யானாம்" எழுதி, கீழே ராசி ஒன்று, நவாம்சம் ஒன்று என இரண்டு கட்டம் போட்டுவிடுவார். அவருக்குப் பிறகு அப்பா எழுதினார். மொத்தம் 34 பேர். மை மங்கி ஓரம் பொடிந்துகொண்டிருந்ததால், அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பத்திர ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு டைப்பிங் கடையில் கொடுத்தேன். ஒரு ஜாதகத்துக்கு 80 ரூபாய், மொத்தம் 2,720. முன்பணம் ஆயிரம். "ஜாதகமெல்லாம் நமக்குத் தண்ணிபட்ட பாடு சார், வாரம் பத்து வருது" என்றார் கடைக்காரர். நான்காம் நாள் பளபளவென்று பிரிண்ட் வந்தது. நடுவில் பிள்ளையார், சுற்றிலும் கட்டம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அண்ணன் மகளின் பிரிண்டையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து மேல் வரிசையை ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. மிச்சத்தைப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் ஏமாந்த இடம் அதுதான்.

தரகரிடம் அந்தப் பிரதியைக் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் ஐந்து இடம் வந்தது, ஐந்தும் ஒரே பதிலோடு திரும்பியது: செவ்வாய் தோஷம். அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமா இருக்கும்போது சுத்த ஜாதகம்னுதானே சொன்னாங்க?" என்றார். இப்போது பார்ப்பவர்கள் கணக்கு வேறாக இருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். தாத்தாவின் நோட்டு பீரோவில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆறாவது இடத்தின் ஜோசியர் பெரியவர். பிரதியை வாங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஆடியில பிறந்த பிள்ளைன்னு போட்டிருக்கு. சூரியன் சிம்மத்துல நிக்கிறான். ராகு ரிஷபத்துல, கேது தனுசுல. இது யாரு எழுதின ஜாதகம்யா? மூலத்தைக் கொண்டாங்க."

அன்றிரவு நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். பிள்ளை பிறந்தது 2003 ஆடி முதல் வாரம், நள்ளிரவு தாண்டி, அசுவினி. நோட்டில் இருந்தது இது:

```
| மீனம்       | மேஷம்      | ரிஷபம்  | மிதுனம்       |
|             | ல, சந்      | ரா      | சனி, சு        |
| கும்பம் செவ் |            |         | கடகம் சூ,பு,குரு |
| மகரம்       |            |         | சிம்மம்        |
| தனுசு       | விருச்சிகம் கே | துலாம் | கன்னி         |
```

கடையின் பிரிண்டில் மேல் வரிசை அப்படியே இருந்தது. அதனால்தான் என் கண்ணுக்குத் தப்பியது. ஆனால் கும்பத்துச் செவ்வாய் கடகத்தில் உட்கார்ந்திருந்தது. கடகத்தில் இருந்த சூரியன், புதன், குரு மூவரும் சிம்மத்துக்கு இறங்கிவிட்டார்கள். விருச்சிகத்துக் கேது தனுசுக்குப் போயிருந்தது.

இதன் விளைவைப் பாருங்கள். பிள்ளைக்கு லக்னமும் மேஷம், சந்திரனும் மேஷம். இரண்டிலிருந்தும் செவ்வாய் 11இல் இருக்கிறது. சுக்கிரனிலிருந்து எண்ணினாலும் 9. 2, 4, 7, 8, 12 என்று தோஷம் பார்க்கும் எந்த இடத்திலும் அது இல்லை. கடையின் கட்டத்தில் அதே செவ்வாய் லக்னத்துக்கும் சந்திரனுக்கும் 4, சுக்கிரனுக்கு 2. போதாததற்குக் கடகம் செவ்வாய்க்கு நீச வீடு. குருவோ கடகத்தில் உச்சமாக இருந்தது, சிம்மத்துக்குப் போனதில் அந்த உச்சமும் போனது. ஜோசியத்தில் உங்களுக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு கதை. வரன் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த இரண்டைத்தான்.

இது எப்படி நடந்தது என்று மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். "கையெழுத்து புரியலை சார், நீங்க செக் பண்ணித்தானே வாங்குனீங்க?" என்றார். கையெழுத்தில் கோளாறே இல்லை. ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னேன். வேலை செய்த பையன் எக்செல்லில் ஒரு ஆளுக்கு ராசி ஒரு வரி, அம்சம் ஒரு வரி என்று போட்டு, 1 முதல் 12 வரை தலைப்பிட்ட பத்திகளில் கட்டத்தை ஏற்றியிருந்தான். இன்னொரு ஷீட்டில் பிள்ளையார் போட்ட டிசைன், அந்தப் பன்னிரண்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். டிசைன் போட்டவர் ஜாதகம் தெரிந்தவர் போலிருக்கிறது. மீனத்தில் தொடங்கி, ராசி ஓடும் வழியிலேயே வலஞ்சுழியாகச் சுற்றிவந்து கும்பத்தில் முடித்திருந்தார். பையன் நோட்டைப் பார்த்து அடிக்கும்போது, புத்தகம் படிப்பதுபோல வரிசை வரிசையாக இடமிருந்து வலம் அடித்திருக்கிறான். மேல் வரிசை நாலும் இரண்டு வழியிலும் ஒன்றே. ஐந்தாவதில்தான் பிரிகிறது. அவனுக்கு ஐந்தாவது கட்டம் இடப்பக்கத்துக் கும்பம், டிசைனுக்கு ஐந்தாவது வலப்பக்கத்துக் கடகம். அங்கிருந்து எட்டுக் கட்டமும் இடம் மாறிவிட்டன.

ஒரு ஜாதகம் அல்ல, 34 பேரின் ராசியும் அம்சமும் சேர்த்து 68 கட்டமும் இப்படித்தான். ஒரு விஷயம் கவனித்தேன். இந்தத் தவறு நடந்தால் ராகுவும் கேதுவும் எங்கே இருந்தாலும் நேர் எதிரே நிற்க முடியாது. மீனம்–கன்னியில் தொடங்கி ஆறு ஜோடியையும் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. ராசிக் கட்டத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் ஏழில் இருக்க வேண்டும், அம்சத்திலும் அப்படியே. ஜாதகம் தெரியாதவர்கூட விரல் வைத்து எண்ணிவிடலாம். அன்று கடையில் நின்று இதை மட்டும் எண்ணியிருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. திருத்தித் தர ஜாதகத்துக்கு 40 ரூபாய் கேட்டார். டிசைன் ஷீட்டில் ராசிக்கு எட்டு, அம்சத்துக்கு எட்டு இணைப்பை மாற்றினால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும் வேலை அது! ஃபைலை மட்டும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வந்து நானே மாற்றினேன். முதலில் 1, 2, 3 தலைப்பை அழித்துவிட்டு மீனம், மேஷம் என்று பெயர் போட்டேன். எண் போட்டால் வம்புதான். ஜோசியருக்கு ஒன்றாம் வீடு லக்னம், ராசி வரிசையில் ஒன்று மேஷம், டைப் அடிப்பவருக்கு ஒன்று இடது மேல் மூலை.

இடம் சரியானதும் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. தாத்தா சூரியனுக்குச் "சூ", சுக்கிரனுக்குச் "சு" என்று எழுதுவார், நெடிலின் வால் பல இடத்தில் மங்கிவிட்டது. பெரியப்பா ஜாதகத்தில் பையன் சிம்மத்தில் ஒரு "சு", கன்னியில் ஒரு "சு" அடித்து வைத்திருந்தான். இரண்டு சுக்கிரன், சூரியனே இல்லை. பெரியப்பா புரட்டாசியில் பிறந்தவர். சித்திரைக்கு மேஷம், வைகாசிக்கு ரிஷபம் என்று எண்ணிக்கொண்டே வந்தால் புரட்டாசிக்குக் கன்னி. ஆகவே கன்னியில் இருப்பது சூரியன், சிம்மத்தில் இருப்பது சுக்கிரன். மாதம் பிறக்கும் நாளிலேயே பிறந்தவருக்கு மட்டும் நேரம் பார்க்க வேண்டும்.

அதே ஜாதகத்தில் இன்னொரு சிக்கல். "செவ்" என்பதைத் தாத்தா சிம்மத்துக்கும் கன்னிக்கும் நடுக்கோட்டின் மேலேயே எழுதியிருந்தார். பையன் சிம்மத்தில் போட்டுவிட்டான். எனக்கும் புரியவில்லை. அந்தப் பெரிய ஜோசியரிடமே போனேன். "அம்சத்துல செவ்வாய் எங்க?" என்றார். கும்பம் என்றேன். "அப்ப கன்னிதான்" என்றார். ஒரு ராசியில் ஒன்பது பாதம். சிம்மத்துப் பாதங்கள் அம்சத்தில் மேஷத்தில் தொடங்கித் தனுசோடு முடிந்துவிடும், அதற்குள் கும்பம் வராது. கன்னிக்கு மகரத்தில் தொடங்கும், இரண்டாவது பாதமே கும்பம். ஆனால் அம்சத்தில் அந்தக் கிரகம் மேஷம் முதல் கன்னிக்குள் இருந்திருந்தால் இரண்டு ராசிக்கும் பொருந்தியிருக்கும், இந்த வழியில் தீர்க்க முடியாது, பஞ்சாங்கத்தைத்தான் புரட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

இன்னொன்றுக்கு என்னிடம் பதிலே இல்லை. அடித்து முடித்த கட்டத்துக்கெல்லாம் பையன் நோட்டிலேயே பால்பாயிண்ட் பேனாவால் டிக் போட்டிருக்கிறான். மூன்று இடத்தில் அந்த டிக் மங்கிய எழுத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. ஒன்றில் "வ" என்ற வக்கிரக் குறி இருந்ததா, மை சிதறலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மூல நோட்டைக் கடையில் விடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து அதைக் கொடுங்கள். மேல் வரிசையை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், கீழ் வரிசையில் இருந்து தொடங்குங்கள்.

திருத்திய பிரதியை அந்த ஆறாவது இடத்துக்குக் கொடுத்தோம், பேச்சு நடக்கிறது. முன்பு வேண்டாம் என்ற ஐந்தில் ஒருவருக்கு மட்டும் அண்ணன் போன் செய்தார், அவர்கள் பையனுக்கு நிச்சயம் முடிந்துவிட்டதாம். பழைய பிரதி தரகர்களின் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. போன வாரம் யாரோ எங்களுக்கே அனுப்பி, "நல்ல குடும்பம், செவ்வாய் மட்டும் கொஞ்சம் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். நடுவில் பிள்ளையார் போட்டு, ரிஷபத்தில் ராகுவும் தனுசில் கேதுவுமாக ஒரு ஜாதகம் உங்களிடம் வந்தால், தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள்.