மஞ்சளித்த கொசுவலை: ப்ளீச்சா, ஆக்சிஜன் பவுடரா, எலுமிச்சையா?

வெள்ளைக் கொசுவலை மஞ்சளாகிவிட்டால் முதலில் கை போவது ப்ளீச் பாட்டிலுக்குத்தான். வேட்டியை வெளுக்கிற மருந்து வலையையும் வெளுக்காதா என்று தோன்றும். பருத்தி வலையாக இருந்தால் வெளுக்கும். நைலானாக இருந்தால் ஊறப்போட்டபோது இருந்ததைவிட மஞ்சளாகத்தான் வெளியே வரும், இழையும் பலமிழந்திருக்கும். அடுத்த தடவை மெத்தைக்கு அடியில் செருகும்போது விரல் உள்ளே போய்விடும்.

அதனால் எந்த மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: வலை எந்த நூலில் நெய்தது, மஞ்சள் எங்கிருந்து வந்தது.

நூலைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். விளிம்பில் தையல் பிரிந்த இடத்திலிருந்து ஒரு துண்டு இழையை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் முழுக அமுக்கி விடுங்கள். மறுபடி மேலே வந்து மிதந்தால் அது பாலிஎத்திலீன், கரூரில் தயாராகி வரும் மொடமொடப்பான வலைகள் பெரும்பாலும் இந்த ரகம். மூழ்கினால் இன்னொரு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகச் சுருண்டால் நைலான் அல்லது பாலியெஸ்டர். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது வீட்டில் கொஞ்சம் கஷ்டம். லேபிள் இல்லையென்றால் நைலான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பான பக்கம்.

அடுத்தது கறை. கொசுவர்த்தி, சாம்பிராணி, அடுப்படிப் புகை எல்லாம் வலையின் மேல்பக்கத்தில் பழுப்பாகப் படியும். அது எண்ணெய்ப் பசையுள்ள கறை. பாத்திரம் கழுவும் திரவத்தில் நனைத்த பஞ்சால் ஒற்றினால் பஞ்சு பழுப்பாகும். பூஞ்சை வேறு மாதிரி. சுவரை ஒட்டிய பக்கத்திலும் மெத்தைக்கு அடியில் செருகிய விளிம்பிலும் கறுப்பு, சாம்பல் புள்ளிகளாக இருக்கும், மக்கல் வாடை அடிக்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு, பலருக்கு அது தெரியாது: பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த வலை, மடிப்பு மடிப்பாக மஞ்சளாகியிருக்கும். வாடை இல்லை, பஞ்சில் ஒட்டவும் ஒட்டாது. உறையின் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் ஒரு ரசாயனம் காற்றில் உள்ள புகைவாயுவோடு சேர்ந்து இழையில் ஏறுவதால் வருவது அது.

இனி மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு எங்கள் அத்தை வீட்டு வலையை எடுத்துக்கொள்கிறேன். திருவாரூர் பக்கம் வீடு. இரட்டைக் கட்டிலுக்கான வெள்ளை நைலான் வலை. மேலே கொசுவர்த்திப் புகை, கீழ் விளிம்பில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடித்த பூஞ்சை, நான்கு மூலைகளில் கொக்கி மாட்டிய இடத்தில் துருக்கறை. போதாததற்கு, போர் தண்ணீரை வாளியில் ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் மஞ்சளாகிவிடும்.

குளோரின் ப்ளீச்

வேகத்தில் இதை ஜெயிக்க வேறெதுவும் இல்லை. பூஞ்சைப் புள்ளி கண்ணெதிரே மங்கும். ஆனால் புகைப் பசையை இது கரைக்காது, நிறத்தை மட்டும் கொஞ்சம் எடுக்கும். நைலானுக்கு ஆகவே ஆகாது. இரும்பு கலந்த தண்ணீரில் ஊற்றினால் கரைந்திருந்த இரும்பு துருவாக மாறி வலை முழுக்கப் படியும். அத்தை வலையில் இதைப் போட்டால் புதுசாக ஒரு மஞ்சளை நாமே ஏற்றியதாகிவிடும்.

பருத்தி வலைக்கும், உறுதியாகத் தெரிந்த பாலியெஸ்டருக்கும் இது சரி. 10 லிட்டர் நல்ல தண்ணீரில் 50 மில்லி, பத்து நிமிஷம், அப்புறம் வாடை போகும்வரை அலசல். ராத்திரி முழுக்க ஊறவைப்பதெல்லாம் பருத்தியையும் நைந்துபோகச் செய்யும். வினிகரையோ எலுமிச்சையையோ இதோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், குளியலறை மாதிரி அடைத்த இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

எலுமிச்சை, வினிகர்

இணையத்தில் இவற்றுக்குக் கிடைக்கிற புகழ் ரொம்ப அதிகம் என்பது என் கருத்து. புகைப் பசைக்கு அமிலம் பயன்படாது. பூஞ்சையின் வாடையை வினிகர் குறைக்கும், கறுப்பு அப்படியே நிற்கும். ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து நுரை பொங்க வைப்பது பார்க்கத்தான் நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்.

ஆனால் இரண்டு இடத்தில் அமிலத்துக்கு நிகரில்லை. பிளாஸ்டிக் உறை மஞ்சளுக்கு, 10 லிட்டர் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்தால் பெரும்பாலும் மங்கிவிடும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, காயவிடாமல் ஒரு மணி நேரம் வைத்து அலசலாம். காய்ந்து இழையில் தங்கினால், அதுவும் பருத்தியில், அந்த இடம் பலமிழக்கும்.

சலவை சோடா, சோப்பு

புகைக்கறைக்கு மட்டும் என்றால் இதுவே போதும், செலவும் சொற்பம். சோடா பசையை இளக்கும், சோப்பு அதைத் தண்ணீரோடு கொண்டுபோகும். பூஞ்சைப் புள்ளிக்கு இது உதவாது.

ஆக்சிஜன் பவுடர்

கறை நீக்கும் பவுடர் என்று விற்பவற்றில், உறையில் சோடியம் பெர்கார்பனேட் என்று போட்டிருப்பது. தண்ணீரில் கரைந்ததும் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரியும். சோடா புகையைப் பார்த்துக்கொள்ளும், பெராக்சைடு பூஞ்சையின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு கறையும் ஒரே வலையில் இருக்கும்போது இது முந்துவதற்குக் காரணம் அதுதான். கை பொறுக்கும் சூட்டில், சில மணி நேரம் என்ற அளவில் நைலானும் தாங்கும். குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை, 40 டிகிரியாவது வேண்டும்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. துரு இருக்கிற இடத்தில் பெராக்சைடு தாறுமாறாக வேகம் எடுத்து இழையை அரிக்கும். துவைத்துக் காய்ந்த பிறகு கொக்கிப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஆக, அத்தை வலைக்கு வரிசை இப்படி அமைந்தது. முதலில் கொக்கி, வளையம் எல்லாம் கழற்றி, வலையை வெளியில் கொண்டுபோய் முகத்தில் துணி கட்டிக்கொண்டு மெதுவாக உதறினோம். காய்ந்த கரியும் பூஞ்சைத் தூளும் இப்போதே போகட்டும், நனைந்தால் இரண்டும் அப்பிக்கொள்ளும். மூலைகளின் துருவுக்கு எலுமிச்சை, உப்பு, நன்றாக அலசல். ஊறவைக்க போர் தண்ணீர் வேண்டாமென்று பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் 20 லிட்டர், கை பொறுக்கும் சூட்டில். 100 கிராம் ஆக்சிஜன் பவுடரை ஒரு செம்பு வெந்நீரில் தனியாகக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கரையாத குருணை இழை மேல் உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மருந்து அதிகமாகிவிடும். கூடவே ஒரு மேசைக்கரண்டி துணி துவைக்கும் திரவம்.

வலையைத் தொட்டியில் போட்டு உள்ளங்கையால் அமுக்கி விடுவதோடு சரி. தேய்ப்பதும் பிரஷ் போடுவதும் கூடாது. மூன்று நான்கு மணி நேரத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், அது புகை. அதற்கு மேல் விட்டால் மருந்தின் வேகம் தானாகவே அடங்கிவிடும், ஊறுவதில் லாபமில்லை.

வலை கிழிவது பெரும்பாலும் ஊறும்போது அல்ல, தூக்கும்போது. ஈர நைலான் காய்ந்த நைலானைவிட பலம் குறைந்தது, மேலே தண்ணீரின் பாரம் வேறு. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுப் பாரமும் சில கண்ணிகளில் இறங்கும். அதனால் தொட்டியின் தண்ணீரை முதலில் வடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துச் சுருட்டினாற்போல் எடுக்கலாம், அல்லது ஊறப்போடும்போதே அடியில் பழைய சேலையை விரித்து அதோடு தூக்கலாம். பிழியக் கூடாது. பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கினால் போதும். இரண்டு கொடிகளில் பரப்பி நிழலில் காயவிட வேண்டும். வெயில் பருத்தியை வெளுக்கும், நைலானையோ பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். பாலிஎத்திலீன் வலைக்கும் நிழலே நல்லது, அதற்கு வெந்நீரும் ஆகாது.

அத்தை வலையில் புகை ஏறக்குறைய முழுதும் போயிற்று. பூஞ்சைப் புள்ளிகள் வெளிர் சாம்பலாக நின்றன, இரண்டாவது ஊறலில் இன்னும் கொஞ்சம் மங்கின. அதோடு நிறுத்தியது நல்லது. மூன்றாவது தடவை நிறத்தைவிட இழையைத்தான் அதிகம் எடுக்கும். நைலான் வயதாகி அடைகிற மஞ்சள் எந்த மருந்துக்கும் போகாது. கடைசி அலசலில் சில சொட்டு நீலம் விட்டால் கண்ணுக்குத் தெரியாமல் மறையும், அவ்வளவுதான்.

பூச்சி மருந்து ஏற்றிய வலைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ப்ளீச், சோடா, ஆக்சிஜன் பவுடர் மூன்றும் டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் போன்ற மருந்தையே சிதைக்கும். குளிர்ந்த தண்ணீர், சாதாரணக் குளியல் சோப்பு, நிழல், இவை மட்டும். 20 துவைப்பு வரை தாங்கும்படி செய்யப்பட்ட வலைகள் அவை, கறைக்காக அடிக்கடி துவைத்து அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டாம். துவைத்த தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றினால் மீன் சாகும்.

பருத்தி வலையில் பூஞ்சை பிடித்திருந்தால் நனைப்பதற்கு முன்னாலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கறுத்த இடத்துக்கு இருபுறமும் விரலால் பிடித்து லேசாக இழுங்கள். பூஞ்சை நைலானின் மேல் உள்ள அழுக்கில்தான் வளரும், பருத்தியிலோ நூலையே தின்னும். இழுக்கும்போது கண்ணி பிரிந்தால் எந்த மருந்தும் வேண்டாம். அந்தக் கீழ் விளிம்பை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிவிட்டு, மெத்தைக்கு அடியில் செருகும் நீளத்துக்கு நல்ல மல் துணியை வைத்துத் தைப்பதுதான் வழி.