பழைய பதிவுக்குப் புதுத் தலைப்பு: பிச்சாவரம் கட்டுரையை வைத்து ஒரு விளக்கம்

கடலூர், புதுச்சேரி பக்கத்து ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதும் தளங்களில் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இது. சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய பயணக் கட்டுரை தேடலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மெல்ல மெல்ல வருகை பாதியாகும். இந்த நிலையில் தலைப்பையும், தேடல் முடிவில் அதன் கீழ் வரும் சுருக்கமான மெட்டா டிஸ்கிரிப்ஷனையும் மாற்றி எழுதுவது எங்கே பலன் தருகிறது, எங்கே தருவதில்லை என்பதை ஒரே ஒரு பதிவை வைத்துப் பார்க்கலாம். பதிவின் தலைப்பு ‘பிச்சாவரம் போலாமா? 2019 கோடைப் பயணம்’. கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு எண்கள்.

முதலில் தலைப்பின் மேல்தான் குற்றமா என்று பார்க்க வேண்டும். இதற்கு, தளத்தின் தேடல் புள்ளிவிவரத்தைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் போதும், காசு கட்டும் கருவி எதுவும் தேவையில்லை. சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கும். தேதி ஒப்பீட்டில் கடைசி மூன்று மாதத்தைப் போன மூன்று மாதத்தோடு வைத்துப் பார்க்கக் கூடாது. பிச்சாவரத்தைக் கோடை விடுமுறையிலும் டிசம்பர், ஜனவரியிலும் தேடும் ஆட்கள் வேறு, ஐப்பசி அடைமழையில் தேடும் ஆட்கள் வேறு. மழைக்காலச் சரிவைப் பார்த்துவிட்டுத் தலைப்பை மாற்றினால், மார்கழியில் தானாக ஏறும் வருகையைப் புதுத் தலைப்பின் வெற்றி என்று நினைத்துக்கொள்வோம். ஆகவே சென்ற ஆண்டின் இதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். 16 மாதத் தரவில் அதற்கு இடம் இருக்கிறது.

அந்த ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் வடிகட்டியதும் நான்கு எண்கள் வரும்: கிளிக், தேடல் முடிவில் பக்கம் தெரிந்த தடவைகளான இம்ப்ரெஷன், அதில் கிளிக் ஆன பங்கான சிடிஆர், முடிவு வரிசையில் சராசரி இடம். நம் பதிவில் சென்ற ஆண்டு 12,000 இம்ப்ரெஷன், 720 கிளிக், ஆக சிடிஆர் 6 சதவீதம். இந்த ஆண்டு 11,500 இம்ப்ரெஷன், 345 கிளிக், சிடிஆர் 3 சதவீதம். சராசரி இடம் 4.1-லிருந்து 4.4 ஆகியிருக்கிறது, அதாவது ஏறக்குறைய அதே இடம். தேடுகிறவர்கள் குறையவில்லை, பக்கமும் கீழே போகவில்லை. முன்பு கிளிக் செய்திருக்கக்கூடியவர்களில் பாதிப் பேர் இப்போது கிளிக் செய்யாமல் நகர்ந்துவிடுகிறார்கள். தலைப்பை மாற்றிப் பலன் எதிர்பார்க்கக்கூடிய நிலை இதுதான். இம்ப்ரெஷன் விழுந்து இடம் அப்படியே இருந்தால் தேடலே குறைந்திருக்கிறது. இடம் 4-லிருந்து 11-க்குப் போயிருந்தால் உள்ளடக்கம் பழசாகியிருக்கிறது அல்லது யாரோ நம்மைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். அங்கே தலைப்பை மட்டும் மாற்றுவது பாழடைந்த வீட்டின் வாசலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான்.

சராசரி இடம் என்ற எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். பக்கம் புதிதாக ஏதோ ஒரு தேடலுக்கு 40-ஆவது இடத்தில் தலைகாட்டினாலே சராசரி சரிந்துவிடும், முக்கியத் தேடலில் இடம் மாறியிருக்காது. அதனால் பக்கத்தை வடிகட்டிய பிறகு, தேடற்சொல் பட்டியலுக்குப் போய் முதல் பத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நம் பதிவில் ‘பிச்சாவரம் படகு கட்டணம்’, ‘பிச்சாவரம் எங்கே உள்ளது’, `pichavaram boating price`, ‘பிச்சாவரம் சதுப்புநிலக் காடு’ என்று வரிசை இருக்கிறது. முதல் மூன்றிலும் சிடிஆர் விழுந்திருக்கிறது, நான்காவதில் விழவில்லை. நான்காவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை எழுதத் தேடுவது, அவர்களுக்கு 2019 என்ற எண் ஒரு பொருட்டில்லை. படகுக்குக் கட்டணம் தேடுகிறவருக்கு அது பெரிய பொருட்டு. தலைப்பில் 2019 என்று பார்த்ததுமே ‘இந்த விலை இப்போது இருக்காது’ என்று அடுத்த தேடல் முடிவுக்குப் போய்விடுகிறார். நோய் எங்கே என்பது இங்கே தெரிந்துவிட்டது.

இனி தலைப்பு. பலர் முதலில் செய்வது 2019-ஐ அழித்துவிட்டு நடப்பு ஆண்டைப் போடுவது. உள்ளே கட்டணப் பட்டியல் பழையதாகவே இருந்தால் இது வாசகரை ஏமாற்றுவது, பலனும் நீடிக்காது. வந்தவர் பழைய விலையைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். படகுத்துறையில் இன்றைய கட்டணத்தை விசாரித்துப் பட்டியலைத் திருத்தி, ‘இந்தத் தேதியில் சரிபார்த்தது’ என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தலைப்பைத் தொடுவது அதற்குப் பிறகுதான். ஆண்டுதோறும் சரிபார்க்க நேரம் இருப்பவர்கள் மட்டும் தலைப்பில் ஆண்டைப் போடலாம். மற்றவர்கள் ஆண்டே இல்லாமல் எழுதுவது நல்லது.

நீளத்துக்கு வருவோம். ‘60 எழுத்துக்குள் இருக்கட்டும்’ என்ற விதி ஆங்கிலத்தை வைத்துச் சொன்னது, தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ‘பிச்சாவரம்’ நமக்கு ஆறு எழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது பத்து. கருவி காட்டும் எண்ணிக்கை ஒன்று, கண் பார்ப்பது வேறு. போதாததற்கு கூகுள் தலைப்பை வெட்டுவது எழுத்தை எண்ணி இல்லை, திரையின் அகலத்தைப் பார்த்துத்தான். ணை, ஞா போன்றவை அகலமாக இடம் பிடிக்கும். எனவே வாசகர் தேடிய சொல் முதல் மூன்று நான்கு சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். வால் வெட்டுப்பட்டாலும் கவலையில்லை. ‘போலாமா?’ என்ற அழைப்பு அழகாக இருந்தாலும் அந்த விலைமதிப்பான இடத்தை அது பிடித்துக்கொண்டிருந்தது.

டிஸ்கிரிப்ஷனில் பழைய பதிவுகளுக்கென்றே ஒரு வாடிக்கை உண்டு: ‘வணக்கம் நண்பர்களே, இந்தப் பதிவில் பிச்சாவரம் பற்றிப் பார்க்கப் போகிறோம்.’ இதில் தேடுகிறவருக்கு ஒரு தகவலும் இல்லை. டிஸ்கிரிப்ஷனைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. ஆகவே அதில் தேடற்சொற்களை அடுக்குவதால் இடம் உயராது. அதன் ஒரே வேலை கிளிக் செய்ய வைப்பதுதான். பக்கத்தில் என்ன விடை கிடைக்கும் என்று நேராகச் சொன்னால் போதும்.

```html
<title>பிச்சாவரம் படகு கட்டணம், நேரம், செல்லும் வழி</title>
<meta name="description" content="துடுப்புப் படகா, மோட்டார் படகா? இரண்டின் கட்டணம், எத்தனை பேர் ஏறலாம், சிதம்பரத்திலிருந்து பேருந்தில் செல்லும் வழி.">
```

டிஸ்கிரிப்ஷனைத் துடுப்புப் படகில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சுரபுன்னைக் காட்டுக்குள் இருக்கும் குறுகலான கால்வாய்களுக்குத் துடுப்புப் படகுதான் போகும். போகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். ஊர் தெரிந்தவர் எழுதியது என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நாம் எழுதியதையே கூகுள் காட்டும் என்று உறுதியில்லை. 2021 ஆகஸ்டில் தலைப்பு உருவாக்கும் முறையை அது மாற்றியது. அப்போதிலிருந்து `<title>` பழசாகவோ பொருந்தாமலோ தோன்றினால், பக்கத்தில் தெரியும் பெரிய தலைப்பு போன்றவற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. `<title>`-இல் ஆண்டை நீக்கிவிட்டு, அந்தப் பெரிய தலைப்பான `<h1>`-இல் ‘2019 கோடைப் பயணம்’ என்று விட்டுவைத்தால் தேடல் முடிவில் மறுபடி 2019 தலைகாட்ட வாய்ப்புண்டு. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்கிரிப்ஷனும் அப்படியே. தேடியதற்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் கூகுள் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துவிடும். முதல் பத்தி ‘வணக்கம் நண்பர்களே’ என்றே இருந்தால் அதுவே போய் நிற்கக்கூடும். ஆகவே முதல் பத்தியின் முதல் இரண்டு வரியையும் புதிதாக எழுதுவது இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

மாற்றம் உண்மையில் வெளியே போயிருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. கேச் செய்யும் பிளகின் பழைய பக்கத்தையே நாள்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கலாம். தீமும் எஸ்இஓ பிளகினும் ஆளுக்கொரு டிஸ்கிரிப்ஷன் எழுதி, பக்கத்தில் இரண்டு இருக்கலாம். பக்கத்தின் மூலத்தைத் திறந்து `name="description"` என்று தேடினால் ஒன்றுதான் வர வேண்டும் (`og:description` தனி, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்). முனையத்தில் பழகியவர்களுக்கு இது சுலபம்:

```
curl -s https://example.com/pichavaram-2019/ | grep -iE '<title|name="description"'
```

அந்த முகவரியில் 2019 இருப்பது கண்ணை உறுத்தும். அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பம் கட்டாயம். தமிழிலேயே முகவரி வைக்கும் ஆசையும் சிலருக்கு வரும். ஒவ்வொரு குறியும் `%E0%AE%AA` போல ஒன்பது எழுத்தாக விரியும் என்பதால், ‘பிச்சாவரம்’ என்ற ஒரு சொல்லே பிரதி எடுத்து ஒட்டும்போது 90 எழுத்து ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் பார்க்கிறவர் அதைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

எல்லாம் சரியென்றால் சர்ச் கன்சோலின் மேல்பட்டையில் முகவரியை ஒட்டி `Request Indexing` அழுத்துங்கள். அழுத்திய உடனே எதுவும் மாறாது. சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகலாம். முடிவுப் பக்கத்தில் புதுத் தலைப்பு தெரியத் தொடங்கிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், எண்ண வேண்டியது அந்த நாளிலிருந்துதான். அதற்கு முன் 28 நாள், பின் 28 நாள் என்று ஒப்பிடுங்கள். 28 நாள் என்பது நான்கு முழு வாரம். சுற்றுலாத் தேடல் வாரக் கடைசியை ஒட்டி ஏறி இறங்குவதால், 30 நாள் என்று எடுத்தால் ஒரு பக்கத்தில் சனி, ஞாயிறு கூடிப்போய்க் கணக்கு சாயும். இடையில் பொங்கல் விடுமுறையோ புயல் மழையோ வந்திருந்தால் இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டு, சென்ற ஆண்டின் அதே நாள்களோடு பாருங்கள்.

பார்க்க வேண்டியது மொத்தக் கிளிக் இல்லை, அந்த நான்கு தேடல்களின் சிடிஆர். ‘படகு கட்டணம்’ தேடலில் இடம் மாறாமல் சிடிஆர் 3-லிருந்து 5 சதவீதம் ஆகியிருந்தால் தலைப்பு வேலை செய்கிறது என்று சொல்லலாம். அதே நேரத்தில் ‘சதுப்புநிலக் காடு’ தேடலில் இடம் 3-லிருந்து 8-க்குச் சரிந்திருக்கவும் கூடும். டிஸ்கிரிப்ஷனைப் போலில்லாமல் தலைப்பில் உள்ள சொற்கள் தரவரிசைக்கும் உதவுகின்றன. பழைய துணைத்தலைப்பில் இருந்த அந்தச் சொல்லைத் திருத்தும் வேகத்தில் நீக்கியிருந்தால் இப்படி ஆகும். மருந்து எளிது: ‘பிச்சாவரம் சதுப்புநிலக் காடு’ என்று ஒரு `<h2>` துணைத்தலைப்பு வைத்து அந்தப் பகுதியை மறுபடி சேர்த்துவிடலாம். அந்தத் தேடல் பெரிதென்றால் தலைப்பின் வாலில் இடம் கொடுக்கலாம். இதற்காகவே பழைய தலைப்பு, டிஸ்கிரிப்ஷன், முதல் பத்தி மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிவைத்த பிறகே மாற்றத் தொடங்க வேண்டும்.

புதுச்சேரியைப் பற்றிய பதிவுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2006-இல் பெயர் அதிகாரபூர்வமாக மாறிய பிறகும் ‘பாண்டிச்சேரி’, ‘பாண்டி’ என்று தேடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டையும் தலைப்பிலேயே திணித்தால் படிக்கச் சகிக்காது. அந்தப் பக்கத்துக்கு எந்தப் பெயரில் அதிக இம்ப்ரெஷன் வருகிறதோ அதைத் தலைப்பில் வைத்து, மற்றதை டிஸ்கிரிப்ஷனிலும் முதல் பத்தியிலும் ஒருமுறை இயல்பாக எழுதினால் போதும்.

எட்டு வாரம் கழித்தும் சிடிஆர் அசையவில்லை என்றால் தலைப்பை மறுபடியும் மாற்ற உட்காராதீர்கள். அந்தத் தேடலை ஒருமுறை கைப்பேசியில் மறைநிலைச் சாளரத்தில் தேடிப் பாருங்கள். மேலே வரைபடம், காணொளி, கேள்வி பதில் பெட்டி எல்லாம் வந்து, நம் நான்காவது இடம் இரண்டு திரை கீழே தள்ளப்பட்டிருக்கலாம். சர்ச் கன்சோலின் எண் 4 என்றே இருக்கக்கூடும். அந்த நிலையில் நேரத்தைச் செலவிட வேண்டியது தலைப்பில் இல்லை, படகுத்துறையில் எடுத்த கட்டணப் பலகையின் புதிய படத்திலும் அதன் கீழ் எழுதும் கட்டண அட்டவணையிலும்தான்.