பில்லைப் படம் பிடித்துப் பிரிக்கும் செயலி: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்ததில்

மாதம் இரண்டு மூன்று தடவை கூட்டாளிகளோடு வெளியே சாப்பிடுவோம். பில்லைப் போனில் படம் பிடித்தால் அயிட்டங்களைத் தானே வரிசைப்படுத்திவிடும், யார் எதைச் சாப்பிட்டார் என்று தொட்டுக் காட்டினால் போதும். முக்கால்வாசி நேரம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

ஒரு நாள் பங்சாரில் ஐந்து பேர் சாப்பிட்டோம். சாப்பாடு 200 வெள்ளி, சேவைக் கட்டணம் 10 விழுக்காடு 20 வெள்ளி, எஸ்எஸ்டி 6 விழுக்காடு 12 வெள்ளி, மொத்தம் 232. ஒருவன் ஆட்டுக்கறி எடுத்து 62 வெள்ளிக்குச் சாப்பிட்டான், மூன்று பேர் ஆளுக்கு 38, வயிறு சரியில்லை என்று வெறும் நாசி கோரேங்கும் லைம் ஜூஸும் எடுத்தவனுக்கு 24. செயலி அவனிடம் 29.53 கேட்டது. "என்னடா, 24 வெள்ளி சாப்பாட்டுக்கா?" என்றான். நியாயம்தான், 27.84 வந்திருக்க வேண்டும்.

நோண்டிப் பார்த்தால், ரசீதில் 'Service Charge' என்ற வரியையும் ஒரு பதார்த்தம் என்று எடுத்துக்கொண்டு ஐந்து பேருக்கும் தலைக்கு 4 வெள்ளி சமமாகப் போட்டிருக்கிறது. ஆட்டுக்கறிக்காரனுக்கு 71.92க்குப் பதில் 69.60. கூட்டினால் 232 சரியாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் வம்பு. அதனால் நான் இப்போது மொத்தத்தைப் பார்ப்பதே இல்லை. அயிட்டங்களின் கூட்டுத்தொகை ரசீதின் 'Subtotal' வரியோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். அன்று செயலி 220 காட்டியது, ரசீதில் 200.

சந்தேகம் வந்தால் கால்குலேட்டர்தான். கட்டிய மொத்தத்தை அயிட்டங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 232 ÷ 200 = 1.16, அவரவர் சாப்பாட்டு விலையை அதால் பெருக்கினால் முடிந்தது. பில் முழுவதற்கும் தள்ளுபடி இருந்தாலும் இதே கணக்கு போதும்: 20 வெள்ளி கழித்து, மிச்சம் 180க்குக் கட்டணமும் வரியும் போட்டு 208.80 வந்தால், 1.044ஆல் பெருக்க வேண்டும். பகிர்ந்து சாப்பிட்டதை முதலில் தலைக்கு இவ்வளவு என்று உடைத்துவிட்டு அப்புறம் பெருக்குங்கள். ஓரிரண்டு சென் இடித்தால் கட்டியவன் தலையில் போடுங்கள், அதற்கெல்லாம் சண்டை வேண்டாம்.

இந்தக் கணக்கு உதைப்பது தாப்பாவ் சேர்ந்த பில்லில். சில கடைகளில் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுக்குச் சேவைக் கட்டணம் கிடையாது, வரி மட்டும்தான். ரசீதில் சேவைக் கட்டணம் கூட்டுத்தொகையில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு இல்லாமல் குறைந்திருந்தால், தள்ளுபடியும் இல்லையென்றால், அதுதான் காரணமாக இருக்கும். செயலிக்கு இது தெரியாது, அம்மாவுக்கு மீ கோரேங் கட்டிக்கொண்டு போனவனிடமும் பத்து விழுக்காடு பிடுங்கிவிடும். அதனால் தாப்பாவ் என்றால் கவுண்டரிலேயே தனிப் பில் கேட்டுவிடுகிறோம்.