பாலம் 6 மி.மீ. என்று சொல்லி விற்ற வொரோனாய் கோப்பு: லேசருக்கு அனுப்பும் முன் இதைப் பாருங்கள்

லேசரில் வெட்டும் தடுப்புப் பலகைக்கு வொரோனாய் வடிவத்தைக் காசு கொடுத்து வரைந்து வாங்குகிறவர்களுக்காக இந்தப் பதிவு. கேட்டது: 1200 × 600 மி.மீ. பலகை, 6 மி.மீ. எம்.டி.எஃப், ஏறத்தாழ 120 துளைகள், துளைகளுக்கு நடுவே மிஞ்சும் பாலம் எந்த இடத்திலும் 6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. வரைந்து கொடுத்தவர் "குறைந்தபட்சம் 6" என்று எழுதியே கொடுத்தார். கோப்பில் இருந்ததோ வேறு. சில பாலங்கள் 2 மி.மீ. கூட இல்லை. 6 மி.மீ. எம்.டி.எஃப்பில் அந்த அகலத்துக்கு வெட்டினால் இரண்டு பக்கமும் கருகி, பலகையைத் தூக்கும்போதே ஒடிந்துவிடும்.

வொரோனாயில் ஒவ்வொரு அறையும் ஒரு விதைப்புள்ளியைச் சுற்றி, மற்றப் புள்ளிகளைவிட அதற்கு நெருக்கமான இடம். அவர் செய்தது, ஒவ்வொரு அறையையும் அதன் விதைப்புள்ளியை மையமாக வைத்து 90 சதவீதமாகச் சுருக்கியதுதான். பார்க்க அழகாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் இரண்டு விதைப்புள்ளிகளுக்கு நடுவே உள்ள பொதுக்கோடு இரண்டிலிருந்தும் சம தூரத்தில் இருப்பதால், இப்படிச் சுருக்கும்போது கிடைக்கும் பாலத்தின் அகலம் `(1 - s) × D`. இங்கே `s` சுருக்க விகிதம், `D` புள்ளிகளுக்கு இடையிலான தூரம். 80 மி.மீ. தள்ளியிருக்கும் புள்ளிகளுக்கு நடுவே 8 மி.மீ. பாலம் வரும், 20 மி.மீ. தள்ளியிருப்பவற்றுக்கு 2 மி.மீ.தான் வரும். அதனால்தான், கேட்டபோது "சராசரி 8 இருக்கிறதே" என்று அவரால் சொல்ல முடிந்தது. சராசரியைக் கேட்கவே இல்லை. பலகை உடைவது மிக மெல்லிய இடத்தில்.

திருத்திக் கொடுத்த கோப்பு இன்னும் மோசம். அறைகளைச் சுருக்காமல், எல்லைக் கோடுகளுக்கு 6 மி.மீ. தடிமன் மட்டும் கொடுத்திருந்தார். திரையில் எல்லாப் பாலமும் கச்சிதமாக 6. லேசர் கோட்டின் தடிமனைப் பார்க்காது, கோட்டின் நடுவே போகும். வெட்டியிருந்தால் பலகையே துண்டு துண்டாகக் கொட்டியிருக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. இங்க்ஸ்கேப்பில் `View > Display Mode > Outline` போட்டுப் பாருங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே இரண்டு கோடுகள் தெரிய வேண்டும். ஒன்றே ஒன்று தெரிந்தால் பாலமே கிடையாது.

சரியான முறை, ஒவ்வொரு அறையின் எல்லாப் பக்கங்களையும் ஒரே அளவு உள்ளே நகர்த்துவது. லேசர் எரித்துத் தள்ளும் அகலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது 0.2 மி.மீ. என்றால், ஒவ்வொரு துளையும் சுற்றிலும் 0.1 பெரிதாகும், பாலம் 0.2 இழக்கும். இந்த ஈட்டைக் கோப்பில் செய்வதா, வெட்டும் இடத்தில் செய்வதா என்று முதலிலேயே பேசி முடியுங்கள். இருவரும் செய்தால் இரண்டு மடங்காகிவிடும். கோப்பில் செய்வதானால், பைத்தானில் ஷேப்லி நூலகம் கொண்டு இப்படி; `w` பாலத்தின் அகலம், `k` லேசர் எரிக்கும் அகலம், `r` மூலையின் ஆரம்:

```python
w, k, r = 6.0, 0.2, 3.0
d = (w + k) / 2
hole = cell.buffer(-(d + r)).buffer(r)
```

கூடுதலாக `r` உள்ளே போய் அதே அளவு திரும்பி வருவதால் மூலைகள் 3 மி.மீ. ஆரத்தில் உருளும், பாலம் மெலியாது. மூலைகளை வளைகோட்டால் மென்மையாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் கவனம்: உச்சிகளின் வழியே போகும் வளைகோடு பக்கங்களைத் தாண்டி வெளியே புடைத்து, பாலத்தையே தின்னும்.

இந்த முறையில் மிகச் சிறிய அறைகள் `hole.is_empty` ஆகிக் காணாமல் போகும். அதைத் தவிர்க்க விதைப்புள்ளிகளை நெருங்கவிடாமல் வையுங்கள். எந்த இரண்டு புள்ளிக்கும் குறைந்தது 30 மி.மீ. இடைவெளி இருந்தால், ஒவ்வொரு அறைக்குள்ளும் 30 மி.மீ. விட்டமுள்ள வட்டம் கட்டாயம் அடங்கும். பலகையின் ஓரத்தில் சட்டத்தால் வெட்டுப்படும் அறைகளுக்கு மட்டும் இந்த உறுதி இல்லை, அவற்றைக் கண்ணால் பாருங்கள்.

வாங்கிய கோப்பைச் சோதிக்க ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டாம். ஈட்டைக் கோப்பிலேயே செய்திருந்தால், துளைகளைத் தலா 3.05 மி.மீ. வெளியே பெருக்கி ஒன்றுசேர்த்தால் போதும்:

```python
from shapely.ops import unary_union
g = unary_union([h.buffer(3.05) for h in holes])
print(len(holes), len(getattr(g, "geoms", [g])))
```

இரண்டாவது எண் குறைந்தால், எங்கோ துளைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்தப் பாலம் வரைபடத்தில் 6.1 மி.மீ.க்கும் குறைவு. முழுப் பலகையைச் சுருக்கி, அது இரண்டாகப் பிரிகிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஒரு பாலம் அறுந்தாலும் சுற்றியுள்ள மற்றவை பலகையை ஒரே துண்டாகப் பிடித்து நிற்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியது: "எந்த இரண்டு துளைக்கும் இடையே, வெட்டிய பின், குறைந்தபட்ச அகலம் 6 மி.மீ." வெட்டிய பின் என்ற சொல் விடுபட வேண்டாம். மீதிப் பணம் மேலே சொன்ன இரண்டு எண்களும் சமமாக வந்த பிறகு.