கன்சோலுக்கு ஓவர்டிரைவ் எதுல வைக்கணும்: பின்னாடியே இழுத்துட்டு வர்ற பேய் நிழல் பத்தி

ரொம்ப நாளா ஒரு 27 இன்ச் விஏ பேனல் மானிட்டர்லதான் பிஎஸ்5 ஆடிட்டு இருக்கேன். 1440பி, 165 ஹெர்ட்ஸ், பெட்டி மேல பெருசா ரெஸ்பான்ஸ் டைம் 1 எம்எஸ்னு போட்டிருக்கும். கலர், கான்ட்ராஸ்ட் எல்லாம் இன்னிக்கும் அருமை, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பிசில ஆடும்போது இல்லாத ஒரு தொல்லை கன்சோல்ல மட்டும் இருந்துச்சு. கேமராவைத் திருப்பினா கேரக்டரோட தோள்பட்டை ஓரத்துல வெளுத்துப்போன ஒரு கோடு ஒட்டிக்கிட்டே வரும், வானத்துக்கு எதிர்ல மரக்கிளை நகர்ந்தா அதுக்குப் பின்னாடி லேசா ஊதா கலந்த மாதிரி இன்னொரு கிளை தெரியும். கேபிள் மாத்திப் பாரு, கன்சோல் போர்ட் போச்சுனு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ஆனா இது கேபிள் விஷயமே இல்ல, பிக்சல் நிறம் மாறுறதை வேகப்படுத்த மானிட்டர் மெனுல இருக்கிற ஓவர்டிரைவ் விஷயம்.

முதல்ல எந்த நிழல்னு பார்க்கணும், ஏன்னா ரெண்டு வகை இருக்கு, ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். பொருளுக்குப் பின்னாடி அதோட நிறத்துலயே மங்கலா, இருட்டா இழுத்துக்கிட்டு வந்தா அது சாதா கோஸ்டிங், பிக்சல் நிறம் மாறுறதுக்கு நேரம் பத்தல, ஓவர்டிரைவ் கம்மி. பின்னணியை விட வெளிச்சமாவோ சம்பந்தமே இல்லாத நிறத்துலயோ ஒரு விளிம்பு வந்தா அது இன்வர்ஸ் கோஸ்டிங், ஓவர்டிரைவ் ஜாஸ்தி. நிறைய பேர் ரெண்டாவதைப் பார்த்துட்டு "ரெஸ்பான்ஸ் பத்தல போல"னு இன்னும் ஒரு படி ஏத்திடுவாங்க, அப்புறம் இன்னும் மோசமாகும்.

கன்சோல்ல மட்டும் ஏன் இது வருதுன்னா, ஓவர்டிரைவ்ங்கறது பிக்சலுக்குத் தேவையானதை விட கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் குடுத்து சீக்கிரம் தள்ளி விடுற வேலை. அந்தத் தள்ளு ஒரு ஃபிரேம் நேரத்துக்கு இருக்கும், அடுத்த ஃபிரேம் வந்தாதான் சரியான அளவுக்கு இறங்கும். 165 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃபிரேம் சுமார் 6 மில்லிசெகண்ட், அந்தக் கணக்குக்குத்தான் மேல் லெவல்களை செட் பண்ணி வச்சிருப்பாங்க. கன்சோல் குடுக்கிறது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், அதுல ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். அதே தள்ளு, கிட்டத்தட்ட மூணு மடங்கு நேரம். வேகமா வந்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்னுட்டு ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி பிக்சல் வரவேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்ட்டுத் திரும்பி வருது, அந்த இடைவெளிதான் கண்ணுக்கு வெள்ளைக் கோடா தெரியுது. ரெஃப்ரெஷ் ரேட்டுக்கு ஏத்த மாதிரி தானே மாத்திக்கிற ஓவர்டிரைவ் சில மானிட்டர்ல உண்டு, பட்ஜெட் மாடல்கள்ல பெரும்பாலும் இருக்காது. அந்த 1 எம்எஸ் கூட பொதுவா உச்ச லெவல்ல வச்சு எடுத்த நம்பர்தான், அந்த லெவல்ல ஆடுறதுக்குப் படம் எப்படி இருக்கும்னு பெட்டி சொல்லாது.

செட் பண்றதுக்கு முன்னாடி மானிட்டரை ஒரு அரை மணி நேரம் ஓட விடுங்க. திரவப் படிகம் குளிர்ல மந்தமா இருக்கும், ஆன் பண்ணின உடனே பார்த்து லெவல் ஏத்தினா சூடானதுக்கப்புறம் ஓவராத் தெரியும். மெனுல இது Overdrive-னு இருக்கலாம், இல்லன்னா Response Time, OD, AMA, Trace Free-னு பிராண்டுக்கு ஒரு பேர்ல இருக்கும். ஆப்ஷன் மங்கலா, தொடவே முடியாம இருந்தா பிளர் குறைக்கிற ஸ்ட்ரோபிங் மோட் ஆன்ல இருக்கானு பாருங்க, அது ஆன்ல இருந்தா நிறைய மானிட்டர் ஓவர்டிரைவைப் பூட்டிடும்.

எக்ஸ்பாக்ஸ்ல எட்ஜ் பிரவுசர் இருக்கு, அதுலயே testufo.com/ghosting திறந்து பாத்துடலாம். பிஎஸ்5ல அந்த வசதி இல்லாததால நான் லேப்டாப்பை அதே எச்டிஎம்ஐ போர்ட்ல மாட்டி, ரெஃப்ரெஷ் ரேட்டை கட்டாயம் 60க்கு இறக்கி, அதே பக்கத்தைத் திறந்தேன். 60க்கு இறக்காம பார்த்தா மொத்த வேலையும் வீண். அந்தப் பக்கத்துல நகர்ற பறக்கும் தட்டைக் கண்ணாலேயே பின்தொடரணும், ஒரே இடத்தை முறைச்சுப் பார்க்கக் கூடாது. என் மானிட்டர்ல Off, Normal, Fast, Fastest-னு நாலு படி. Fastest-ல தட்டுக்குப் பின்னாடி பளிச்சுனு ஒரு வெள்ளை நிழல், தட்டை விட அதுதான் முதல்ல கண்ணுல படுது. Fast-ல அது மெலிசாச்சு, ஆனா சாம்பல் பின்னணில இன்னும் இருந்துச்சு. Normal-ல வெள்ளை சுத்தமா போய், லேசா ஒரு மங்கல் வால் மட்டும் மிச்சம். Off-ல அந்த வால் நீளமாச்சு. அதனால 60 ஹெர்ட்ஸுக்கு Normal. என் ரூல் இதுதான், மேல இருந்து ஒவ்வொரு படியா இறக்கிட்டே வந்து வெளிச்சமான விளிம்பு எங்க மறையுதோ அங்க நிறுத்திடணும். கொஞ்சம் மங்கல் இருந்தா மூளை பழகிடும், வெள்ளைக் கோட்டுக்குப் பழகவே முடியல எனக்கு.

அப்புறம் கேம்ல போய் சரிபார்க்கணும். சாம்பலான சுவர், மேகமூட்டமான வானம் மாதிரி நடுத்தர நிறப் பின்னணியில கேரக்டரை நிக்க வச்சு கேமராவை மெதுவா, ஒரே வேகத்துல சுத்துங்க, வேகமா சுத்தினா ஒண்ணும் பிடிபடாது. இருட்டுக் குகைல விஏ பேனல் கறுப்பா தேய்ச்சுக்கிட்டுதான் போகும், கிட்டத்தட்ட கறுப்புல இருந்து அடர் சாம்பலுக்கு மாறுறதுதான் அதுக்கு ரொம்ப ஸ்லோ, அதை ஓவர்டிரைவ் முழுசா தீர்க்காது. இருட்டான பகுதியை வெளிச்சமாக்கிக் காட்டுற பிளாக் ஈக்வலைசரை ஒரு படி ஏத்தினா கொஞ்சம் குறையுது, ஆனா ரெண்டு மூணு படி ஏத்தினா கறுப்பு வெளுத்துடும், அதுக்கு விஏ வாங்கினதே வேஸ்ட்.

120 ஹெர்ட்ஸ் சப்போர்ட் பண்ற கேம் ஆடும்போது கதை மாறும், ஒரு ஃபிரேம் 8.3 மில்லிசெகண்ட்தான், அதனால எனக்கு Fast அங்க சரியா உட்காருது, Normal வச்சா வால் கொஞ்சம் தெரியுது. ஃபிரேம் ரேட்டுக்கு ஏத்த மாதிரி ரெஃப்ரெஷ் ரேட்டை மாத்துற விஆர்ஆர் ஆன்ல இருந்தா பிஎஸ்5ல ரேட் 48ல இருந்து 120 வரைக்கும் ஏறி இறங்கும், அப்போ கீழ் எண்ணுக்கு ஏத்த லெவலைத்தான் வைக்கணும், அதாவது மறுபடி Normal. சண்டை சூடு பிடிச்சு ஃபிரேம் ரேட் 60 பக்கம் விழுற நேரத்துலதான் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும், அமைதியான இடத்துல செக் பண்ணினா தெரியாது.

இன்னொண்ணு, 30 எஃப்பிஎஸ் கேம்ல எல்லாமே ரெட்டை ரெட்டையா தெரிஞ்சா ஓவர்டிரைவைத் தொடாதீங்க. ஒரே ஃபிரேம் ரெண்டு தடவை காட்டப்படுறதால கண்ணு நகர நகர ரெண்டு விளிம்பு தெரியும், Off-லயும் Fastest-லயும் அந்த இரட்டை அப்படியே இருக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சுடலாம். அந்த கேம்ல பெர்ஃபாமன்ஸ் மோட் இருந்தா அதுக்கு மாறுறதுதான் வழி.

என் மானிட்டர் ஓவர்டிரைவை இன்புட்டுக்கு இன்புட் தனியா ஞாபகம் வச்சுக்காது, பிசிக்கு மாறினா Normal-லயே நிக்கும். ஆனா பிக்சர் மோடோட சேர்த்து சேவ் பண்ணுது, அதனால Gamer 1-ல கன்சோலுக்கு Normal, Gamer 2-ல பிசிக்கு Fast போட்டு வச்சிருக்கேன், பின்னாடி இருக்கிற பட்டனை ஒரு அழுத்து அழுத்தினா மாறிடும்.